செயலி உருவாக்கிய படம் நிராகரிக்கப்பட்டால்: திருத்த விளக்கம் எழுதுவது எப்படி

ஆன்லைன் தளங்களில் நைட்டி விற்கிறேன். வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். சரக்கு எம்.சி. ரோட்டில் உள்ள மொத்தக் கடையிலிருந்து வருகிறது. ஒரு நைட்டியைக் கொடியில் தொங்கவிட்டுப் படம் எடுத்து, அதைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்து, ஒரு பெண் அணிந்து நிற்பதுபோல் படம் உருவாக்கி ஏற்றியிருந்தேன். "படம் பொருளைச் சரியாகக் காட்டவில்லை" என்ற ஒற்றை வரியோடு தளம் அதை நிராகரித்தது. லிஸ்டிங், அதாவது தளத்தில் அந்தப் பொருளுக்கான பக்கம், தேடலிலிருந்து மறைந்தது, விற்பனை நின்றது. மறுபடி அதை ஏற்றுக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. என்ன திருத்தினோம் என்று விளக்கி எழுதும் கடிதத்தில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன். நைட்டியை வைத்துச் சொன்னாலும் சுடிதார், குழந்தை உடை, பெட்ஷீட் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

1. எந்த வகை நிராகரிப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நிராகரிப்பு இரண்டு வகை. முதல் வகை படத்தின் வடிவம் பற்றியது: பின்னணி வெள்ளையாக இல்லை, படத்தின்மேல் எழுத்து இருக்கிறது, அளவு சிறியது என்பது போன்றவை. பல தளங்கள் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கேட்கின்றன. சில தளங்களில் நீண்ட பக்கம் 1000 பிக்சலுக்குக் குறையாமல் இருந்தால்தான் வாடிக்கையாளர் பெரிதாக்கிப் பார்க்க முடியும். இந்த வகைக்குக் கடிதமே வேண்டாம். சரிசெய்து மறுபடி ஏற்றினால் போதும்.

இரண்டாவது வகை, படம் பொருளை மாற்றிக் காட்டுகிறது என்பது. செயலி உருவாக்கிய படங்கள் மாட்டுவது இங்கேதான். புதுப் படத்தை ஏற்றினால் மட்டும் தீராது. எது தவறாக இருந்தது, எப்படித் திருத்தினீர்கள், புதுப் படம் உண்மையான பொருள் என்பதற்கு என்ன சான்று என்ற மூன்றையும் எதிர்பார்ப்பார்கள்.

நிராகரிப்பு அறிவிப்பை லிஸ்டிங் எண், தேதி, காரண வரி மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சில தளங்களில் பதில் அனுப்பியதும் அந்த அறிவிப்பு பக்கத்திலிருந்து போய்விடும். பிறகு எந்தக் காரணத்துக்குப் பதில் சொல்கிறோம் என்பதே மறந்துபோகும்.

பலர் விழும் இரண்டு பள்ளங்களைச் சொல்லிவிடுகிறேன். நிராகரித்த லிஸ்டிங்கை அழித்துவிட்டு அதே பொருளுக்குப் புதிதாக ஒன்று தொடங்குவது முதல் பள்ளம். பழைய மதிப்பீடுகள் போய்விடும் என்பதோடு, விதியிலிருந்து நழுவப் பார்க்கிறார் என்று கணக்கின்மேலேயே சந்தேகம் விழும். அதே செயலியில் "இன்னும் துல்லியமாக" என்று கேட்டு வேறொரு படம் உருவாக்கி ஏற்றுவது அடுத்தது. செயலிக்கு உங்கள் நைட்டியைத் தெரியாது. முன்பு பொத்தானில் தவறு செய்தது, அடுத்து பாக்கெட்டில் செய்யும்.

2. பொருளையும் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்

கடிதத்தின் உயிர் இந்த ஒப்பீட்டில் இருக்கிறது. படத்தைக் கைப்பேசியில் பார்க்காதீர்கள். கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். நைட்டியை மேசைமேல் விரித்து, கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரை ஒவ்வொரு பகுதியாக வாருங்கள். மொத்தமாகப் பார்த்தால் "கிட்டத்தட்ட ஒன்றுதானே" என்றுதான் தோன்றும்.

என் நைட்டி அரக்கு நிறப் பருத்தி, பெரிய பூப் போட்டது. எக்ஸ்.எல். அளவு, மார்புச் சுற்று 44 அங்குலம். முன்புறம் 14 அங்குல ஜிப், வலப்பக்கம் ஒரு பாக்கெட், கழுத்தில் மஞ்சள் பைப்பிங். இனி உருவாக்கிய படத்தில் இருந்ததைப் பாருங்கள்.

ஜிப் இருந்த இடத்தில் ஐந்து பொத்தான்கள் வந்திருந்தன. எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பால் கொடுக்கும் தாய்மார்கள் ஜிப் இருக்கிறதா என்று பார்த்துத்தான் இந்த நைட்டியை வாங்குகிறார்கள். வேண்டாம் என்று ஒதுக்குபவர்களும் அந்த ஜிப்பைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள். படத்தில் பொத்தானைப் பார்த்து வாங்கியவருக்கு ஜிப் நைட்டி போய்ச் சேர்ந்தால் அது வேறு பொருள்தான்.

பூவின் அளவு மாறியிருந்தது. இதைக் கண்ணால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது, எண்ணிப் பார்க்க வேண்டும். மார்புச் சுற்று 44 என்றால், நைட்டியை மடிப்பில்லாமல் விரிக்கும்போது குறுக்கே 22 அங்குலம் வரும். எங்கள் துணியில் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு 4 அங்குலம். அப்படியானால் மார்புக்குக் குறுக்கே ஐந்து பூக்கள், மேலும் ஒரு பாதி வரலாம். படத்தில் ஒன்பது பூக்கள் இருந்தன. செயலி பூவை ஏறக்குறைய இரண்டரை அங்குலமாகச் சுருக்கிவிட்டது. பெரிய பூத் துணி பொடிப் பூத் துணியாகிவிட்டது. அச்சுத் துணி எதுவானாலும் இப்படி எண்ணிப் பாருங்கள். அளவு நாடா இருந்தால் ஐந்து நிமிட வேலை.

நிறம் அரக்கிலிருந்து குங்குமச் சிவப்புக்குப் போயிருந்தது. பருத்தியில் இல்லாத ஒரு பளபளப்பு வந்து, துணி சாட்டின்போல் தெரிந்தது. பாக்கெட்டைக் காணவே இல்லை. பைப்பிங் மட்டும் சரியாக இருந்தது.

முடிந்தால் துணியைத் தினமும் கையாளும் ஒருவரிடம் படத்தைக் காட்டுங்கள். மொத்தக் கடையில் தைத்துத் தரும் அக்கா படத்தைப் பார்த்ததும், "இது சாட்டின் துணி தம்பி, நான் இதைத் தைக்கவில்லையே" என்றார். எனக்கு அதுவரை பளபளப்பு கண்ணில் படவில்லை.

3. படத்தை மறுபடி எடுங்கள்

புகைப்படக்காரரிடம் போனால் படத்துக்கு இவ்வளவு என்று கேட்பார். மாடலும் வேண்டும் என்றால் கட்டணம் பல மடங்காகும். முந்நூறு நானூறு ரூபாய் நைட்டிக்கு அது கட்டாது. வீட்டிலேயே எடுக்கலாம். வெள்ளைப் பெட்ஷீட் ஒன்று, கிளிப்புகள், அளவு நாடா ஆகியவை போதும். பெட்ஷீட் வீட்டில் இருந்தால் செலவு 100 ரூபாயைத் தாண்டாது. சார்ட் தாள் வாங்காதீர்கள். நைட்டியின் நீளம் 54 அங்குலத்துக்கு மேல் இருக்கும்; தாள்களை ஒட்டினால் இணைப்புக் கோடுகள் படத்தில் விழும். கடைப் பொம்மை கிடைத்தால் நல்லது. தெரிந்த கடையில் மதிய நேரத்தில் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் ஹேங்கரில் தொங்கவிட்டாலும் போதும். நைட்டியையும் பெட்ஷீட்டையும் இஸ்திரி போட மறக்காதீர்கள்.

எங்கள் பக்கத்துச் சந்து வீடுகளில் உள்ளே வெளிச்சம் போதாது. மொட்டைமாடியில் படிக்கட்டு அறையின் நிழல் விழும் பக்கம்தான் சரியான இடம். காலை ஒன்பது பத்து மணி வாக்கில், நேர் வெயில் படாத இடத்தில் எடுங்கள். நேர் வெயிலில் அரக்கு சிவப்பாகத் தெரியும், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பழுப்பாகிவிடும். மதியத்துக்குமேல் கடல்காற்று வீசத் தொடங்கிவிட்டால் துணி நிற்காது.

கைப்பேசியில் நிறம் கூட்டும் வடிகட்டிகளையும் அழகூட்டும் வசதியையும் நிறுத்துங்கள். அருகில் நின்று எடுத்தால் நைட்டியின் நடுப்பகுதி உப்பிக் கீழ்ப்பகுதி ஒடுங்கும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, கைப்பேசியை நைட்டியின் நடு உயரத்துக்கு வைத்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் தெரியும்படி ஒரு படம் தனியாக எடுத்துவையுங்கள். அந்தத் தாள் திரையில் வெள்ளையாகத் தெரிந்தால் நிறமும் ஏறக்குறைய சரியாக இருக்கும். மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள்.

முன்புறம், பின்புறம், ஜிப் நெருக்கமாக, பாக்கெட்டில் கை விட்டபடி, கழுத்து லேபிள், பூவின்மேல் அளவு நாடா வைத்தது என ஆறு படங்கள் போதும். கடைசிப் படத்தை லிஸ்டிங்கில் போடாவிட்டாலும் கடிதத்தோடு இணையுங்கள். என் அனுபவத்தில் அதிகம் பேசியது அந்தப் படம்தான்.

4. எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது

பின்னணியை வெட்டி வெள்ளையாக்கலாம். ஓரங்களை வெட்டலாம். படம் முழுவதற்கும் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டலாம். துணியின் நிறம், பூ, தையல், நீளம், மடிப்பு விழும் விதம் எதையும் மாற்றக்கூடாது. பின்னணி நீக்கும் செயலிகளில் ஒரு சிக்கல் உண்டு: சில செயலிகள் பின்னணியை நீக்குவதோடு நிற்காமல் துணியையும் "மெருகேற்றி"விடுகின்றன. நீக்கிய படத்தையும் மூலப் படத்தையும் பக்கத்தில் வைத்து, பூக்களை மறுபடி எண்ணுங்கள்.

செயலி உருவாக்கிய படத்தைத் துணைப் படமாகவாவது வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிரச்சினை தீரும்வரை ஒன்றுகூட வேண்டாம் என்பது என் கருத்து. பிறகு வைப்பதாக இருந்தால் உங்கள் தளத்தின் விதியைப் படியுங்கள். கூகுள் மெர்ச்சன்ட் சென்டர் செயலி உருவாக்கிய படங்களை ஏற்கிறது. ஆனால் படக்கோப்பினுள் `DigitalSourceType` என்ற இடத்தில் `TrainedAlgorithmicMedia` என்ற குறிப்பு இருக்க வேண்டும், அதை நீக்கக்கூடாது என்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றினால் இந்தக் குறிப்பு போய்விடும். தெரியாமல் செய்தாலும் மறைத்ததாகவே படும்.

படத்தோடு லிஸ்டிங் எழுத்தையும் சரிபாருங்கள். செயலியின் படத்தைப் பார்த்தே விவரத்தையும் எழுதியிருந்தால் அங்கேயும் "பொத்தான்" என்று இருக்கும். நிறம், திறப்பு வகை, பாக்கெட், நீளம், துணி வகை ஆகியவை பொருளோடு பொருந்த வேண்டும். தயாரிப்பாளர் பெயர், எந்த நாட்டில் தயாரானது, அளவு, அதிகபட்ச விலை ஆகியவை லேபிளில் இருப்பதும் லிஸ்டிங்கில் இருப்பதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். லேபிளின் படத்தைச் சான்றாக அனுப்பப் போகிறீர்கள். அதில் வேறு விவரம் இருந்தால் புதுப் பிரச்சினை கிளம்பும்.

5. ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

நான்கு தேவைப்படும்: நிராகரிப்பு அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், கேமராவிலிருந்து வந்த திருத்தாத மூலப் படங்கள், ஏற்றப்போகும் இறுதிப் படங்கள், சரக்கு வாங்கிய ஜி.எஸ்.டி. பில்.

மூலப் படங்களை வாட்ஸ்அப் வழியாகக் கணினிக்கு அனுப்பாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவு சுருங்கும், எடுத்த தேதி, கேமரா விவரம் ஆகியவையும் கோப்பிலிருந்து போய்விடும். இது உண்மையான கேமராப் படம் என்று காட்ட அந்த விவரங்கள்தான் உதவும். கேபிளில் மாற்றுங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால் "ஆவணம்" என்ற வகையில் அனுப்புங்கள். கோப்பு மாறாமல் போகும். மூலப் படத்தில் இருப்பிட விவரம் பதிவாகாமல் இருக்க, படம் எடுக்கும் முன்பே கேமராவில் அதை நிறுத்திவிடுங்கள். வீட்டு இடம் முன்பின் தெரியாதவர்களுக்கு எதற்கு?

மொத்தக் கடைகளில் பல நேரம் "நைட்டி 24" என்று மட்டும் பில் போடுவார்கள். வகையும் அளவும் எழுதித் தரும்படி வாங்கும்போதே கேளுங்கள். பிறகு போய்க் கேட்டால் தீபாவளிக் கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பில்லின் படத்தில் எதையும் அழிக்காதீர்கள், வண்ணம் பூசி மறைக்காதீர்கள். படத்தை மாற்றியதற்காக வந்த பிரச்சினையில், மாற்றிய பில்லை அனுப்புவது நமக்கு நாமே குழி வெட்டிக்கொள்வது.

கோப்புகளுக்கு, எஸ்.கே.யு. எனப்படும் உங்கள் பொருள் குறியீட்டோடு, புரியும் பெயர் வையுங்கள். `IMG_2041.jpg` என்று இருந்தால் சரிபார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

```
NT-MRN-ZIP-XL_front_original.jpg
NT-MRN-ZIP-XL_front_final.jpg
NT-MRN-ZIP-XL_print_tape.jpg
```

6. விளக்கக் கடிதம்

உதவிப் பிரிவில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். இருந்தாலும் முதலில் தமிழில் எழுதுங்கள். எது விட்டுப்போயிருக்கிறது என்பது நம் மொழியில்தான் சட்டென்று தெரியும். பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக மாற்றிக்கொள்ளலாம். என் கடிதம் இப்படி இருந்தது. எண்களையும் தேதியையும் மட்டும் நீக்கியிருக்கிறேன்.

> பொருள்: லிஸ்டிங் எண் ____, எஸ்.கே.யு. NT-MRN-ZIP-XL. முதன்மைப் படத் திருத்தம். கேஸ் எண் ____.
>
> ஐயா / அம்மா,
>
> மேற்கண்ட லிஸ்டிங்கின் முதன்மைப் படம் ____ தேதியில், பொருளைச் சரியாகக் காட்டவில்லை என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. அந்தப் படம் செயற்கை நுண்ணறிவுச் செயலியால் உருவாக்கப்பட்டது. அதைப் பொருளோடு ஒப்பிட்டதில் பின்வரும் வேறுபாடுகள் தெரிந்தன.
>
> திறப்பு: படத்தில் ஐந்து பொத்தான்கள். பொருளில் 14 அங்குல முன் ஜிப்.
> அச்சு: படத்தில் மார்புக்குக் குறுக்கே ஒன்பது பூக்கள். பொருளில் ஐந்து முதல் ஐந்தரை. பூக்களின் இடைவெளி 4 அங்குலம்.
> நிறம்: படத்தில் சிவப்பு. பொருள் அரக்கு.
> துணி: படத்தில் சாட்டின்போன்ற பளபளப்பு. பொருள் பளபளப்பு இல்லாத பருத்தி.
> பாக்கெட்: படத்தில் இல்லை. பொருளில் வலப்பக்கம் ஒன்று உண்டு.
>
> செய்த திருத்தங்கள்: உருவாக்கிய படம் இந்த லிஸ்டிங்கிலிருந்து முழுவதும் நீக்கப்பட்டது. கையிருப்பில் உள்ள பொருளைக் கைப்பேசிக் கேமராவில் படம் எடுத்துள்ளோம். பின்னணி மட்டும் வெள்ளையாக்கப்பட்டது. பொருளின் நிறம், அச்சு, வடிவம் எதுவும் மாற்றப்படவில்லை. விவரப் பகுதியில் "பொத்தான்" என்றிருந்தது "ஜிப்" என்று திருத்தப்பட்டது. பாக்கெட் விவரம் சேர்க்கப்பட்டது. இதே துணியில் எல், டபுள் எக்ஸ்.எல். அளவுகளுக்கான லிஸ்டிங்குகளிலும் இதே திருத்தம் செய்யப்பட்டது (எண்கள்: ____, ____).
>
> இணைப்பு: நிராகரிப்பு அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், மூலப் படங்கள் ஆறு, இறுதிப் படங்கள் ஐந்து, அளவு நாடாவுடன் எடுத்த அச்சின் படம், கொள்முதல் பில்.
>
> புதுப் படங்களைச் சரிபார்த்து லிஸ்டிங்கை மீண்டும் செயல்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். மேலும் சான்று தேவைப்பட்டால் எந்தப் படம், எந்தப் பகுதி என்று குறிப்பிட்டால் அனுப்பிவைக்கிறோம்.

இதில் சில வரிகளை வேண்டுமென்றே வைத்தேன். செயலியால் உருவாக்கிய படம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். சரிபார்ப்பவருக்கு அது ஏற்கெனவே தெரியும். சொல்லாமல் விட்டால் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார். "இதே துணியில் மற்ற அளவுகள்" என்ற வரி மிக முக்கியம். ஒரு லிஸ்டிங்கை மட்டும் திருத்திவிட்டு மற்றவற்றில் அதே படத்தை விட்டுவைத்தால், அடுத்த வாரம் அவை ஒவ்வொன்றாக நிராகரிக்கப்படும்.

விட்டுவிட வேண்டியவையும் உண்டு. குடும்பக் கஷ்டம், பண்டிகை நெருங்குகிறது, போட்டியாளர்களும் இப்படித்தான் போடுகிறார்கள் என்பன போன்ற வரிகளால் பயன் இல்லை. கடைசி வரி கெடுதலும்கூட. "இனி இப்படி நடக்காது" என்று மட்டும் எழுதினால் எப்படி நடக்காது என்ற கேள்வி வரும். எந்தப் படத்தை நீக்கினீர்கள், எதைச் சேர்த்தீர்கள் என்று எழுதினால் அந்தக் கேள்விக்கே இடம் இல்லை.

7. அனுப்பும் வரிசையும் காத்திருப்பும்

முதலில் புதுப் படங்களையும் விவரத்தையும் ஏற்றுங்கள், பிறகு கடிதத்தை அனுப்புங்கள். பலர் மாற்றிச் செய்கிறார்கள். சரிபார்ப்பவர் கடிதத்தைப் படித்துவிட்டு லிஸ்டிங்கைத் திறக்கும்போது பழைய படமே இருந்தால் அங்கேயே மூடிவிடுவார்.

சாதாரண நாள்களில் சில நாளில் பதில் வந்துவிடும். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் இழுக்கும். பதில் வராவிட்டால் அதே கேஸ் எண்ணிலேயே ஒருமுறை கேளுங்கள். புதிது புதிதாகக் கேஸ் திறந்தால் உங்கள் இணைப்புகள் ஒன்றிலும் கடிதம் மற்றொன்றிலுமாகச் சிதறிப்போகும்.

48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்று மின்வணிக விதிகளில் இருக்கிறதே என்று சிலர் கடிதத்தில் எழுதுகிறார்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் அது நுகர்வோர் புகாருக்குச் சொன்னது. விற்பவர் எடுத்துக்காட்டினால் எடுபடாது.

படம் ஏற்கப்பட்டது என்ற செய்தி வந்ததும், கணக்கிலிருந்து வெளியே வந்து, சாதாரண வாடிக்கையாளர்போல் லிஸ்டிங்கைத் தேடிப் பாருங்கள். எனக்கு முதன்மைப் படம் மாறியிருந்தது. தேடல் முடிவில் வரும் சின்னப் படம் மட்டும் மறுநாள் வரை பழையதாகவே இருந்தது.

8. பழைய படத்தைப் பார்த்து வாங்கியவர்கள்

அனுப்பாத ஆர்டர்கள் இருந்தால், தளத்தின் செய்தி வசதி வழியாகவே "படத்தில் பொத்தான் இருந்தது, பொருளில் ஜிப் இருக்கும். வேண்டாம் என்றால் ரத்து செய்துகொள்ளலாம்" என்று தெரிவியுங்கள். தளத்துக்கு வெளியே வாடிக்கையாளரைத் தொடர்புகொள்வதைப் பல தளங்கள் தடை செய்திருக்கின்றன, அதைச் செய்யாதீர்கள்.

ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவை ரிட்டர்னாக வந்தால் மறுக்க வழியில்லை. விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லை என்றால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று அதே 2020 விதிகள் சொல்கின்றன. போக வர கூரியர் செலவு நம் தலையில் விழலாம். நைட்டி ஒன்றுக்கு லாபம் நாற்பது ஐம்பது ரூபாய் என்றால், ஒரு ரிட்டர்ன் இரண்டு மூன்று விற்பனையின் லாபத்தை விழுங்கிவிடும். திரும்பி வந்த நைட்டியைப் பிரித்து, லேபிளும் ஜிப்பும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மறுபடி கையிருப்பில் சேருங்கள். "படத்தில் உள்ளதுபோல் இல்லை" என்ற காரணத்தோடு வந்த ரிட்டர்ன்களின் ஆர்டர் எண்களை அந்தக் கேஸ் எண்ணோடு குறித்துவையுங்கள். அவை எல்லாம் பழைய படத்தின் காலத்தவை என்று தளத்துக்குக் காட்ட அந்தப் பட்டியல் தேவைப்படும்.